மேல்தள நீர்க்கசிவுப் புகார்: காலவரிசைக் குறிப்பு

சார், 212 பக்கக் கோப்பிலிருந்து தொகுத்தது. அடைப்புக்குறிக்குள் பக்க எண். கோப்பு தேதிவாரியாக இல்லை. ஒரே கடிதத்தின் நகல் நான்கு இடங்களில் கிடக்கிறது.

3.2.2025: குடியிருப்பவரின் முதல் புகார், தொலைபேசியில் (148).

11.2.2025: மேற்பார்வையாளர் நேரில் பார்த்தார். "கூரையில் விரிசல்" என்று பென்சில் குறிப்பு (37).

12.2.2025 – 20.4.2025: நம் தரப்பில் 68 நாள் எந்தப் பதிவும் இல்லை. குடியிருப்பவரின் மூன்று மின்னஞ்சல்கள் மட்டும் இருக்கின்றன (90–92). பதிலில் இதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கும்.

21.4.2025: பழுதுபார்ப்பு. ஒப்பந்ததாரர் ரசீதில் 21.3 என்றிருக்கிறது (64). மாதத்தை அடித்துத் திருத்திய மாதிரி தெரிகிறது. வாயில் பதிவேட்டில் 21.4 (203). அதையே எடுத்திருக்கிறேன். ஒப்பந்ததாரரிடம் கேட்டு உறுதி செய்யும்வரை ரசீதை இணைக்க வேண்டாம்.

6.5.2025: மறுபடி கசிவு, எழுத்துப்பூர்வ முறையீடு (5).