உழக்குப்பட்டி

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் முப்பது வீடு இருந்தால் அதிகம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கப் பக்கத்து ஊருக்கு பஸ் ஏற வேண்டும். அங்கேதான் வினை. "ஏ உழக்கு, படி எங்கடா?" என்று ஒருவன் கேட்க, பஸ்ஸே சிரித்திருக்கிறது. முத்து சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து, நேரே சாவடித் திண்ணைக்குப் போனான். பின்னாலேயே செல்வியும் இன்னும் நாலைந்து வாண்டுகளும்.

ராமசாமித் தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊருக்கு வேற பேரே கிடைக்கலையா தாத்தா?"

"சட்டை போச்சா? சரி, உக்காரு. உழக்குன்னா எவ்வளவு, சொல்லு பாப்போம்."

"கால் படி," என்றாள் செல்வி.

"அது தெரியுதுல்ல. தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருக்கியளா? 1876ல மழை பொய்ச்சுப் போச்சு. மறு வருஷ ஆடியிலயும் ஒரு பொட்டு இல்ல. புளியங்கொட்டையை வறுத்து இடிச்சுத் தின்னாங்க. கத்தாழைக் குருத்தை ஏழு தண்ணி மாத்தி வேக வச்சுத் தின்னாங்க. கால்ல தெம்பு இருந்தவன் ராமேசுவரம் பக்கம் நடந்து, தோணி ஏறிக் கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனான். மத்தவன் சர்க்கார் கஞ்சித்தொட்டிக்குப் போனான். இங்க மிஞ்சினது பன்னெண்டு வீடு."

சுண்ணாம்பு விரலைத் தூணில் துடைத்தார். அந்தத் தூண் ஒரு பக்கம் முழுக்க வெள்ளைதான்.

"அதுல ஒரு வீட்டுக்காரி. புருசன் கண்டிக்குப் போனவன், திரும்பி வரல. அவகிட்ட ஒரு கலயம் விதைக் கம்பு இருந்துச்சு. சாம்பலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து, வாயைச் சாணி வச்சு மெழுகி, அடுப்புக்கு மேல பரண்ல வச்சிருந்தா. வேப்பங்கொட்டை எதுக்கு?"

"பூச்சி வராம இருக்க."

"பூச்சிக்கு மட்டும் இல்ல. பசிச்ச கைக்கும் சேத்துத்தான். கசந்தா எடுக்க மாட்டாகள்ல."

செல்விக்கு ஒரு சந்தேகம். "அவ பிள்ளைக பசியில கிடக்கலையா?"

தாத்தா வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "கடைசிப் பிள்ளை செத்துப் போச்சு. கலயத்தை உடைச்சுக் கஞ்சி காய்ச்சியிருந்தா பிழைச்சிருக்கும்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவுகளும் உண்டு. அவ ஒருத்தருக்கும் பதில் சொல்லல. எங்க அப்பத்தா இதைச் சொல்லும்போது, அவ செஞ்சது சரின்னும் சொல்லாது, தப்புன்னும் சொல்லாது. நானும் சொல்லல."

முத்து கிழிசலைப் பிடித்தபடி கேட்டான், "அப்புறம் மழை பெஞ்சுச்சா?"

"ஈஸ்வர வருஷம் புரட்டாசியில பெஞ்சுச்சு. காடு பூரா ஈரம், ஒருத்தன் கையிலயும் விதை இல்ல. விதையைத்தான் எப்பவோ தின்னுட்டாங்களே. அவ கலயத்தைத் திறந்தா. அளக்கப் படி கிடையாது, வித்துத் தின்னாச்சு. ஒரு இரும்பு உழக்கு மட்டும் மூலையில கிடந்திருக்கு. அதால வீட்டுக்கு ஒரு உழக்கு அளந்தா."

"ஒரு உழக்கு எந்த மூலைக்கு?"

"நெல்லுன்னா பத்தாது. கம்புடா இது! ஒரு ஏக்கருக்கு ரெண்டு கிலோ இருந்தாப் போதும். உழக்கு விதை பத்துப் பதினஞ்சு சென்டுக்கு வரும். நல்ல கதிர்னா ஒண்ணுல ஆயிரம் மணிக்கு மேல இருக்கும். தை மாசம் பன்னெண்டு வீட்டுலயும் கூழு. வட்டி கேக்கல அவ. உழக்குக்கு உழக்கு, ஆனா புடைச்சுச் சுத்தமான விதையாத் தரணும், அவ்வளவுதான். சேதி தெரிஞ்சு வெளியூர்க்காரனும் வந்தான். 'எங்க வாங்கினே?'ன்னு கேட்டா, 'உழக்குக்காரி ஊர்ல'ம்பான். அதைத்தான் பின்னால கணக்குப்பிள்ளை உழக்குப்பட்டின்னு ஏட்டுல ஏத்திட்டான். அதுக்கு முன்னால இதுக்குப் பேரே இல்ல, வெறும் மேலக்காடு."

முத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "அந்த பஸ்காரப் பயலுக ஊரும் வாங்குச்சா?"

"ரெண்டு வீடு வாங்குச்சு. ஒரு வீடு திருப்பிக் குடுத்துச்சு."

"இன்னொண்ணு?"

தாத்தா இப்போதுதான் வெற்றிலையை வாயில் போட்டார். போட்டுவிட்டால் பேச மாட்டார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

"தாத்தா! எந்த வீடு தாத்தா?"

தலையை ஆட்டினார். முத்துவின் சட்டையைக் காட்டி, இன்னொரு சட்டை கிழிய வேண்டாம் என்று கையால் சைகை செய்தார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் செல்வி. "அரிசி ஆலை வச்சிருக்காங்களே, அந்த வீடுதானே?"

தாத்தாவுக்குப் புரையேறிவிட்டது.