சாட்சியைத் தயார்படுத்தும் பயிற்சி: தேநீர்க் கடைக்காரரின் சாட்சியம்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், லாரி மோதி இறந்த கட்டடத் தொழிலாளியின் மனைவி மனுதாரர். நீங்கள் அவருடைய வழக்கறிஞர். விபத்து நடந்த இடத்துக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவர்தான் உங்கள் ஒரே நேரடிச் சாட்சி. "பெரிய சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்" என்று அவர் காவல்துறையிடம் கூறியிருக்கிறார். நாளை அவரிடம் குறுக்கு விசாரணை நடக்கவிருப்பதால், இன்று மாலை அவர் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்.

சாட்சியாக நடிப்பவருக்கு மட்டும்: லாரி முந்திச் சென்றதை நீங்கள் பார்க்கவில்லை, மோதிய பிறகுதான் திரும்பினீர்கள். அந்தப் பெண்ணின் மேல் உங்களுக்கு இரக்கம் இருப்பதால், பேச்சின் நடுவே, "சார், லாரி ராங் சைடுல வந்துச்சுன்னு சொன்னா அந்தம்மாவுக்குப் பணம் கிடைக்குமா? நான் என்ன சொல்லணும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். முதல் பதிலில் அடங்கிவிடாமல் இன்னொரு முறையும் வற்புறுத்துங்கள்.

வழக்கறிஞராக நடிப்பவருக்கு: முதலில் அவர் கண்டதையும் கேட்டதையும் அவருடைய சொற்களிலேயே, இடைமறிக்காமல், முழுமையாகச் சொல்லவிடுங்கள், எது மனுதாரருக்குச் சாதகம் என்பதை அதற்கு முன் விளக்கிவிட்டால், அதன் பிறகு வருவது அவருடைய நினைவா உங்கள் தேவையா என்பதை நீங்களே பிரித்தறிய முடியாது. தீர்ப்பாயத்தின் நடைமுறையை விளக்கலாம். "தெரியாது", "நினைவில்லை" என்பவை உண்மையானால் முழுமையான பதில்களே என்று சொல்லலாம். கடுமையான குறுக்குக் கேள்விகளைக் கேட்டுப் பழக்கலாம். ஆனால் அவர் தடுமாறும் இடத்தில் பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முந்தைய வாக்குமூலத்தோடு முரண்படும் இடத்தைச் சுட்டிக்காட்டி விளக்கம் கேட்பது முறையானது, ஏனெனில் பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 148-ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பு அதையே கேட்கும். முரண்பாடு மறையும்படி வாக்கியத்தை அமைத்துக் கொடுப்பது முறையற்றது.

அவர் வற்புறுத்தும்போது உங்கள் பதில் இந்தப் பொருளில் அமையட்டும்: "அய்யா, நீங்க பார்த்தது வரைக்கும் சொன்னாப் போதும். பார்க்காததைச் சொன்னா உங்களுக்கும் ஆபத்து, அந்தம்மா வழக்கும் கெட்டுடும்." பாரதிய நியாய சம்ஹிதையின் 229-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச் சாட்சியம் அளித்தால் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தூண்டியவருக்கும் குற்றப் பொறுப்பு உண்டு.

"வழக்கறிஞரைச் சந்தித்துப் பேசினீர்களா?" என்று எதிர்த்தரப்பு கேட்டால், ஆம் என்றே சொல்லுமாறு கூறுங்கள். சந்திப்பு குற்றமல்ல, அதை மறைப்பதுதான் நேர்மையான சாட்சியின் மேலும் ஐயத்தைக் கிளப்பும்.

நடிப்பு முடிந்ததும் பார்வையாளர் ஒரே கேள்விக்கு எழுத்தில் விடையளிக்க வேண்டும்: சாட்சியின் கூற்றில் எந்தச் சொல் வழக்கறிஞரின் வாயிலிருந்து முதலில் வந்தது?