கண்மாய் ஏன் நிரம்புவதில்லை? ஓர் ஆய்வேட்டின் சாரம், எளிய தமிழில்

மேலூர் வட்டாரத்தில், ஒன்றின் மறுகால் அடுத்ததில் போய் விழும்படி அமைந்த ஏழு கண்மாய்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வேடு இது. ஏழில் மேலிருந்து மூன்றாவது நம் கண்மாய். மதுரையில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர், நூலகத்தில் இருந்த பிரதியில் ஆய்வுச் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார். ஆங்கிலத்தில், நீரியல் படித்தவர்களுக்காக எழுதப்பட்ட பக்கங்கள் அவை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் கண்மாய் வேலை பற்றித் தீர்மானம் வர இருப்பதால், அதற்கு முன் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லாரும் படித்துவிட வேண்டும் என்று பாசனச் சங்கத்தார் கேட்டார்கள். அதற்காக எழுதியது இது.

ஆய்வாளர் சொன்னதைச் சொன்ன அளவுக்கே எழுதியிருக்கிறேன். நானாகச் சேர்ப்பது எதுவானாலும் 'என் குறிப்பு' என்று தொடங்கும். அளவீட்டு அட்டவணைகள் நடு இயல்களில் இருக்கின்றன, படத்தில் அவை இல்லை. அதனால் எத்தனை கன அடி, எத்தனை சதவீதம் என்ற கணக்கை இதில் தேட வேண்டாம்.

ஆய்வின் முடிவு

இந்த ஏழு கண்மாய்களும் நிரம்பாமல் போவதற்கு முதற்காரணம் உள்வாயில் வண்டல் சேர்ந்தது அல்ல. தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேராததுதான். வரத்துக்கால் அடைபட்டும் குறுகியும் திசைமாறியும் கிடக்கிற கண்மாயை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், தோண்டிய பள்ளம் காலியாகவே கிடக்கும். ஆகவே பணமும் உழைப்பும் முதலில் வரத்துக்காலுக்குப் போக வேண்டும், தூர்வாருவது அதற்குப் பிறகு. ஆய்வேடு முழுவதும் இந்த ஒரு முடிவை நோக்கியே போகிறது.

மழை குறைந்துவிட்டதுதானே காரணம் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைத்தான் ஆய்வாளர் முதலில் எடுத்திருக்கிறார். நம் பக்கத்துக் கண்மாய்களை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற வடகிழக்குப் பருவமழை. ஒரே அளவு மழை பெய்த பழைய ஆண்டையும் அண்மை ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மழை ஒத்துப்போனாலும் கண்மாயில் நின்ற தண்ணீர் குறைந்திருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் எந்தக் கண்மாயும் நிரம்பாது, அதை அவர் மறுக்கவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டிலும் ஏன் நிரம்பவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி.

தண்ணீர் எங்கே நின்றுபோகிறது

முடிவுரையில் மிக நீளமான பகுதி இதுதான். நமக்கு மிகவும் உதவக்கூடியதும் இதுவே.

முதல் கண்மாயிலிருந்து ஏழாவது வரை வரத்துக்கால்களை ஆய்வாளர் காலால் நடந்தே பார்த்திருக்கிறார். தண்ணீர் தடைபடும் இடங்களை மூன்று விதமாகப் பிரிக்கிறார். கால்வாயின் இரு கரையையும் பக்கத்து நிலத்தோடு சேர்த்து உழுது, அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது ஒன்று. சீமைக்கருவேலமும் கோரையும் மண்டி, அதில் சருகும் மண்ணும் தங்கி மேடானது இன்னொன்று. இந்த இரண்டும் நமக்குத் தெரிந்தவை.

மூன்றாவதைப் பலரும் கவனித்திருக்க மாட்டோம். வரத்துக்காலின் குறுக்கே சாலை போட்ட இடங்களில் தண்ணீர் போவதற்கு சிமெண்ட் குழாய் பதித்திருக்கிறார்கள். சாலையை உயர்த்தியபோது குழாயையும் மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். குழாயின் அடிமட்டம் கால்வாயின் தரையைவிட உயரத்தில் இருக்கிறது. சிறு மழை, நடுத்தர மழையில் வருகிற தண்ணீர் அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. சாலைக்கு மேற்புறம் தேங்கி, ஒன்று மண்ணுக்குள் இறங்குகிறது, அல்லது பக்கத்துத் தாழ்ந்த வயலில் வழிகிறது. பெருமழை அடித்தால் மட்டுமே குழாய் வழியாகத் தண்ணீர் பாய்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் குழாய் இருக்கிறது, அடைப்பும் இல்லை, கால்வாய் நன்றாக இருப்பதாகவே தோன்றும். மட்டக்கருவி வைத்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்கிறார். இதைச் சரிசெய்யப் பெரிய செலவும் இல்லை, நில எடுப்பும் இல்லை. குழாயைத் தாழ்த்திப் பதித்தால் போதும். இருந்தும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இந்த வேலை இடம்பெறவில்லை என்று அழுத்தியே எழுதியிருக்கிறார்.

என் குறிப்பு: நம் கண்மாய்க்கு வரும் காலும் ஒரு தார்ச்சாலையைக் கடந்துதான் வருகிறது. அந்தக் குழாயை யாராவது மட்டம் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சாரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

தூர்வாருவது வேண்டாம் என்கிறாரா?

இல்லை. இந்த இடத்தில் அவரைத் தப்பாகப் படித்துவிடக் கூடாது. ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்தால் தூர்வாருவதே வீண் என்று சொல்வதுபோல் இருக்கிறது. முடிவுரையில் அவரே அதை அளந்து சொல்கிறார். தண்ணீர் ஒழுங்காக வந்து சேர்கிற கண்மாயில், மடையின் அடிமட்டத்துக்கு மேலே படிந்திருக்கிற வண்டலை எடுத்தால் பாசனத்துக்குக் கூடுதல் தண்ணீர் கிடைக்கும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுகிற பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆடு மாடு குடிக்கலாம், மீன் வளரலாம், கொஞ்சம் நிலத்தடியில் இறங்கலாம். ஆயக்கட்டுக்கு அதனால் பலன் இல்லை.

என் குறிப்பு: ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர். உள்வாய் முழுக்க ஓர் அடி வண்டல் எடுத்தால் எவ்வளவு தண்ணீருக்கு இடம் கிடைக்கும் என்பதை, பரப்பை இதனால் பெருக்கி யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். தொகை பெரிதாகத்தான் வரும். அவ்வளவு தண்ணீர் வந்து சேர்கிறதா, சேர்ந்தது மடைக்கு மேலே நிற்கிறதா என்பதுதான் ஆய்வாளர் நம்மைக் கேட்கச் சொல்லும் கேள்வி.

கரையை ஒட்டித் தோண்டுவதைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வண்டி வந்து போக வசதி என்று கரையடியிலேயே மண் எடுத்த இடங்களில் கரை வலுவிழந்திருக்கிறது. கரையிலிருந்து தள்ளி, உள்வாயின் நடுப்பக்கம்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் தூர்வாருவதே நடக்கிறது? அவர் சொல்லும் காரணம், வாரிய மண்ணைக் கன மீட்டரில் அளந்து கணக்குக் காட்டுவது எளிது என்பது. வரத்துக்கால் பல ஊர் எல்லை, பல சர்வே எண், பல பேருடைய வயல் ஓரம் என்று போகிறது. அதில் கைவைத்தால் வழக்கும் வாக்குவாதமும் வரும். ஆயக்கட்டுக்காரர்களே ஆள் போட்டுக் கால்வாய் வெட்டிய குடிமராமத்து பழைய ஊர் வழக்கம். 1858-ல் ஆங்கில அரசு அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெயர் திரும்பி வந்தாலும், ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசியில் எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து கால்வாயில் இறங்குகிற வழக்கம் இந்த ஏழு ஊர்களில் எதிலும் திரும்பவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

கிணறு வைத்திருப்பவர்கள்

கிணறும் ஆழ்துளையும் உள்ள விவசாயிகள் கண்மாய் வேலைக்கு வருவதும் வரி கொடுப்பதும் குறைந்திருக்கிறது. தண்ணீர் கையிலேயே இருப்பதால் கண்மாய் தங்களுக்குத் தேவையில்லை என்ற எண்ணம்தான் காரணம். கண்மாய் நிரம்பிய ஆண்டில் ஆயக்கட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறுவதையும் நிரம்பாத ஆண்டில் சீக்கிரம் இறங்குவதையும் ஆய்வு காட்டுகிறது. கிணற்றுக்காரரும் கண்மாய்த் தண்ணீரைத்தான் இறைக்கிறார், அது மண்ணுக்கடியில் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். அதனால் பராமரிப்புச் செலவைப் பாயும் நிலத்துக்கு மட்டும் போடாமல் கிணற்றுக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை.

என் குறிப்பு: இது நம் ஊரில் சண்டையைக் கிளப்பக்கூடியது. ஆனாலும் நியாயம் அவர் பக்கம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சபையில் இதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும்.

ஆய்வு சொல்லாதவை

சீமைக்கருவேலம் கால்வாயை அடைக்கிறது என்பது அளந்து பார்த்து நிறுவியது. அந்த மரம் உள்வாயில் நின்று எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்பது இந்த ஆய்வின் வேலையே அல்ல. ஆய்வேட்டைக் காட்டி அப்படி யாரும் பேச வேண்டாம்.

இந்த ஏழும் மழையை மட்டும் நம்பிய கண்மாய்கள். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாகப் பாய்கிற கண்மாய்களுக்கு இந்த முடிவுகளை அப்படியே பொருத்தக் கூடாது என்று முடிவுரை தெளிவாகச் சொல்கிறது. மேலூரில் அந்த வகைக் கண்மாய்களும் நிறைய இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மேல் கண்மாய்க்காரர்கள் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கி மறுகாலை நிறுத்துவதால் கீழ் கண்மாய்கள் காய்கின்றன என்ற குற்றச்சாட்டு ஏழு ஊரிலும் இருக்கிறது. மூட்டை அடுக்குவதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அதனால் கீழே தண்ணீர் தாமதமாக வருகிறது என்கிறார். வராமலே போகிறது என்று சொல்லவில்லை. ஏழு ஊருக்கும் சேர்த்து ஒரு குழு இருந்து, கலுங்கு மட்டத்தைக் கல்லில் குறித்துவைக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் வழி.

கிராம சபைக்கு வருமுன்

நம் வரத்துக்கால் போகும் சர்வே எண்களைத் தெரிந்துகொண்டு வந்தால் பேச்சு வலுவாக இருக்கும். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரமும் புலப்படமும் கிடைக்கும். பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிற எண்ணில் இன்று வரப்பு இருக்கிறதா, கால்வாய் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். புலப்படத்தில் கால்வாயின் அகலமும் தெரியும். ஆய்வுப் பக்கங்களின் படங்கள் பாசனச் சங்கச் செயலாளரின் கைப்பேசியில் இருக்கின்றன. ஆங்கிலம் வாசிக்கிறவர்கள் வாங்கிப் பார்த்து, நான் எதையாவது கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் சபைக்கு முன்பே சொல்லுங்கள்.