பொடித் தொழிலுக்கு ஒரு வாரத் திட்டம், வைகாசி முதல்

வைகாசி 1-ந்தேதியிலிருந்து இந்த ஒழுங்கில்தான் வேலை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி என்று மூன்று சரக்கு. 200 கிராம் பாக்கெட்டாக வாரத்துக்கு 240. வறுப்பது, அரைப்பது, கடைகளுக்குப் போடுவது, பாக்கி வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் நான் ஒருத்திதான்.

இதுவரை எது கண்ணில் பட்டதோ அதைச் செய்தேன். பங்குனியில் உளுந்து வறுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கடைக்காரர் ஆர்டர் சொல்லக் கூப்பிட்டார். நாலு நிமிடம் பேசியிருப்பேன், 3 கிலோ உளுந்து கருகிவிட்டது. அதே மாதம் இன்னொரு கடையில் 36 பாக்கெட் போட்டுவிட்டு, இரவு எழுதிக்கொள்ளலாம் என்று வந்தேன். எழுதவில்லை. அடுத்த முறை போனால் "அப்படி ஒரு சரக்கே வரலையேம்மா" என்கிறார்கள். கையில் சீட்டு இல்லாமல் நான் என்ன பேச முடியும்? 2,340 ரூபாய் போனது போனதுதான். இனி ஒரு நாளுக்கு ஒரு வேலைதான் தலை. மற்றதெல்லாம் அதற்கு இடம் விட வேண்டும்.

திங்கள்: கொள்முதல்

காலை 10 மணிக்குக் கீழமாசி வீதி. என்ன வாங்குவது என்ற சீட்டு வெள்ளிக்கிழமையே எழுதியிருக்கும், அதைத் தாண்டி வாங்குவதில்லை. மிளகாய் விலை இறங்கியிருக்கிறது என்று மூட்டையாக எடுத்தால் அடுத்த வாரம் உளுந்துக்குப் பணம் இருக்காது. மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை பருப்பைப் புடைத்து, கல் பார்த்து, மிளகாயை மாடியில் காயவைப்பது. கறிவேப்பிலையைக் கழுவி நிழலில் உலர்த்துவது.

செவ்வாயும் புதனும்: வறுப்பும் அரைப்பும்

காலை 6 முதல் 12 வரை அடுப்பும் மெஷினும் மட்டும். போன் சைலன்ட்டில், முன் அறையில் இருக்கும். கடைக்காரர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: "செவ்வாய், புதன் மதியம் 12 மணிக்கு மேல் கூப்பிடுங்க, கட்டாயம் எடுப்பேன்." சொன்னபடி எடுத்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாசனை குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போவதுதான் வரிசை. செவ்வாய் முதலில் பருப்புப் பொடி, அடுத்து இட்லிப் பொடி. புதன் சாம்பார்ப் பொடி. மல்லியும் மிளகாயும் ஓடிய மெஷினில் பருப்புப் பொடியை அரைத்தால் என்னதான் துடைத்தாலும் காரம் ஏறிவிடும். சாம்பார்ப் பொடி முடிந்ததும் இரண்டு கைப்பிடி பச்சரிசி ஓட்டி, பிரித்துத் துடைத்து வைக்க வேண்டும். ஒரே கடாயில் 3 கிலோவுக்கு மேல் போடக் கூடாது. அவசரத்துக்கு 4 கிலோ போட்ட அன்றெல்லாம் அடி சிவந்து மேல் பச்சையாக இருந்திருக்கிறது.

அரைத்த பொடி சூடாக இருக்கும். எவர்சில்வர் தாம்பாளங்களில் பரப்பி, வெள்ளைத் துணி மூடி, நன்றாக ஆறிய பிறகுதான் பாக்கெட். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும், அப்புறம் பூஞ்சை. எனவே செவ்வாய் அரைத்தது புதன் மதியம் பாக்கெட் ஆகும், புதன் அரைத்தது வியாழன் காலை 6:30 முதல் 9 வரை. சீல் போடும்போதே பேட்ச் எண், பேக் செய்த தேதி, விலை, எடை எல்லாம் ஒட்டியாக வேண்டும். லேபிளில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் அழியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டிலும் ஒரு பாக்கெட்டாவது பார்க்க வேண்டும்.

வியாழனும் சனியும்: லைன்

வியாழன் 10 முதல் 4 வரை திருநகர், திருப்பரங்குன்றம், பழங்காநத்தம், மொத்தம் 11 கடை. சனி அண்ணா நகர், கே.கே. நகர், 9 கடை. புதுச் சரக்கு இறக்குமுன் பழைய பில்லுக்குப் பணம். இரண்டு பில்லுக்கு மேல் பாக்கி நின்றால் அன்று பாதிச் சரக்குதான். வண்டியில் ஏறுமுன், கடை வாசலிலேயே கார்பன் வைத்த பில் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. எவ்வளவு தெரிந்த அண்ணாச்சியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

செவ்வாயும் வெள்ளியும் வசூலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் பல கடைகளில் கல்லாவிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று பார்ப்பார்கள். அவர்கள் நம்பிக்கை அது, நாம் போய் நின்று முகம் சுளிக்கவைக்க வேண்டாம்.

வெள்ளி: கணக்கு

யாரும் பணம் தராத நாள், நான் உட்கார்ந்து எழுத நல்ல நாள். காலை விளக்கேற்றிவிட்டு 10 முதல் 1 வரை. முன்பு இது எப்போதும் இரவு 10 மணி வேலையாக இருந்தது, கண் செருகும், நாளைக்கு என்று மூடிவிடுவேன். இனி பகல் வெளிச்சத்தில்தான் கணக்கு.

முதலில் பில் புத்தகத்தையும் பாக்கி நோட்டையும் ஒத்துப் பார்ப்பது. அப்புறம் நடப்புக் கணக்கில் வந்த யூபிஐ பணத்தைக் கடை கடையாகக் குறிப்பது. என் சொந்தக் கணக்கின் கியூஆர் இனி எந்தக் கடையிலும் காட்டப்படாது. என் சம்பளம் 2,500 ரூபாயை அன்றே சொந்தக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், வீட்டுச் செலவு அதிலிருந்துதான். தொழில் பணத்தில் பால் வாங்குவது இத்தோடு நிற்கிறது.

மாதத்தின் முதல் வெள்ளி அடக்க விலை போடுவது. சித்திரையில் போட்டது இது: இட்லிப் பொடிக்கு 10 கிலோ சாமான் வறுத்து அரைத்ததில் 9 கிலோ 100 கிராம் வந்தது, 45 பாக்கெட். சாமான் 1,650, பாக்கெட்டும் லேபிளும் 180, கேஸும் கரண்டும் 150, பெட்ரோல் 100, என் 6 மணி நேரத்துக்கு மணிக்கு 90 வீதம் 540. மொத்தம் 2,620, அதாவது பாக்கெட்டுக்கு 58 ரூபாய். என் கூலியைச் சேர்க்காமல் இத்தனை நாள் 46 என்று நினைத்துத்தான் 65-க்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கடைக்கு 75, வாடிக்கையாளருக்கு 90.

ஒரு சூப்பர் மார்க்கெட் மட்டும் பணத்தை இழுக்கிறது. என்னிடம் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். அடுத்த பில்லில் இதை ஒரு வரியாக எழுதிக் கொடுப்பது.

மதியம் 3 மணிக்குக் கூரியர். இப்போதைக்குத் தமிழ்நாட்டுக்குள் மட்டும். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால், விற்றுவரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பெங்களூரு ஆர்டர்களை ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன், மாதம் 40 பாக்கெட் தேறினால் பதிவு செய்வது பற்றி யோசிப்பேன்.

ஞாயிறு

தொழில் போன் அணைந்திருக்கும். மெஷினைத் தொடுவதில்லை.

தவறிப்போகும் வாரங்கள்

மாதாந்திர மின் பராமரிப்பு நாள் செவ்வாயிலோ புதனிலோ விழுந்தால், அன்று வெள்ளியின் கணக்கு, வெள்ளியில் அரைப்பு. லைனை மாற்றுவதில்லை, கடைக்காரர்கள் வியாழனையும் சனியையும் நம்பி அலமாரியில் இடம் விடுகிறார்கள். கல்யாணம், காய்ச்சல் என்று ஒரு நாள் முழுதாகப் போனால் அந்த வாரம் சாம்பார்ப் பொடி கிடையாது, மற்ற இரண்டும் மட்டும். ஐப்பசியில் மழை பிடித்தால் மாடியில் எதுவும் காயாது, அப்போது திங்கள் மதியத்தை மாற்றி எழுத வேண்டும். ஆடி கடைசி வெள்ளி கணக்கு முடித்ததும் இந்தத் தாளை எடுத்து, நடக்காத வரிகளைச் சிவப்பில் அடிப்பது.