கிடங்கு மென்பொருள்: உங்கள் முன்மொழிவு பற்றி எங்கள் முடிவு

முரளி, வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். மருந்துக் கிடங்குக்கான சரக்கு மென்பொருளுக்கு வேறொரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், நேற்று கையெழுத்தும் ஆகிவிட்டது. அதனால் உங்கள் முன்மொழிவை இந்த முறை ஏற்க முடியவில்லை. வேறு யார் மூலமாகவோ உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

விலை காரணமே இல்லை. உங்களுடையதுதான் குறைவு. எனவே தயவுசெய்து இன்னும் குறைத்து ஒரு புது கொட்டேஷன் தயாரிக்க உட்கார்ந்துவிடாதீர்கள், முடிவு அதைப் பொறுத்ததாக இல்லை.

இரண்டு விஷயங்கள்தான் தீர்மானித்தன. முதலாவது, இணைப்பு இல்லாதபோது என்ன நடக்கிறது என்பது. எங்கள் கிடங்கின் பின்பக்க அடுக்குகளில் வைஃபை எட்டாது என்று டெமோ அன்றே பார்த்தீர்கள். உங்கள் செயலியில் இணைப்பு போனால் ஸ்கேன் செய்வதும் அங்கேயே நின்றுவிடுகிறது, ஆட்கள் கையில் பெட்டியோடு முன்பக்கம் நடந்து வர வேண்டியிருக்கிறது. நாங்கள் எடுத்திருப்பது ஸ்கேன்களைக் கருவியிலேயே சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் சர்வருக்கு அனுப்புகிறது. ஒரே பெட்டியை இரண்டு பேர் ஆஃப்லைனில் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் விடாமல் கேட்டேன். இரண்டாவது பதிவை நிறுத்தி வைத்து மேற்பார்வையாளரிடம் கேட்கிறது, அதை எங்கள் முன்னாலேயே செய்து காட்டினார்கள்.

இரண்டாவது, காலாவதி தேதி. உங்களுடையது முதலில் வந்த சரக்கை முதலில் அனுப்பச் சொல்கிறது. மருந்தில் அது போதாது, ஏனென்றால் இன்று வந்த பேட்ச் போன மாதம் வந்ததைவிட முன்னதாகக் காலாவதி ஆகலாம், எது முதலில் காலாவதியாகுமோ அதுதான் முதலில் வெளியே போக வேண்டும். எங்களுக்காகத் தனியாக மாற்றித் தருகிறேன் என்றீர்கள், அதை மனதார மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அந்தத் தனி மாற்றம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க எங்களிடம் ஆள் இல்லை.

இதையெல்லாம் விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெறுமனே 'வேறு தேர்வு செய்துவிட்டோம்' என்று ஒரு வரி அனுப்பினால் அது உங்களுக்கு எதற்கும் உதவாது, நீங்கள் எங்களுக்குக் கொடுத்த நேரத்துக்கு அது நியாயமும் இல்லை. பட்டியலை எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குலைந்து வந்ததே, அதைச் சொன்ன மறுநாளே CSV கோப்பில் BOM சேர்த்துச் சரி செய்து அனுப்பினீர்கள். வாடிக்கையாளராகவே ஆகாத எங்களுக்கு! கிடங்கு ஆட்களிடம் நீங்கள் பேசிய பொறுமையை அவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அப்புறம், எந்த மருந்தை எப்போது மறுபடி ஆர்டர் செய்ய வேண்டும் என்று காட்டும் உங்கள் அறிக்கை, நாங்கள் வாங்கியதில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது. அதை நான் கட்டாயம் தேடுவேன்.

சில நடைமுறை வேலைகள். சோதனைக்குக் கொடுத்த இரண்டு ஸ்கேனர்களையும் சார்ஜருடன் இன்று கூரியரில் அனுப்புகிறோம், நல்ல நிலையில் இருக்கின்றன. சோதனை சர்வரில் நாங்கள் ஏற்றிய சரக்குப் பட்டியலையும் சப்ளையர் விவரங்களையும் அழித்துவிட்டு, எங்கள் லாகின்களையும் மூடிவிட்டு ஒரு வரி எழுதுங்கள், எங்கள் கணக்குப் பிரிவு அதைக் கேட்கிறது. உங்கள் விலைப்பட்டியலை மற்ற நிறுவனத்துக்கு நாங்கள் காட்டவில்லை, இனியும் காட்ட மாட்டோம்.

இப்போதைய ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். அடுத்தது கண்டிப்பாக உங்களிடம் வரும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் புதுப்பிக்கும் முன் சந்தையை மறுபடி பார்ப்போம், அப்போது உங்களிடம் கேட்காமல் முடிவெடுக்க மாட்டேன். ஆஃப்லைன் வசதி உங்கள் திட்டத்தில் இருக்கிறது என்றீர்கள் அல்லவா, அது சோதனைக்குத் தயாரானால் சொல்லுங்கள், எங்கள் பின்பக்க அடுக்குகளில் வைத்துப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

இன்னொன்று. வாகன உதிரிபாகக் கிடங்கு நடத்தும் நண்பர் ஒருவர் மென்பொருள் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் காலாவதி தேதிப் பிரச்சினை இல்லை, கிடங்கு முழுக்க நல்ல இணைப்பும் இருக்கிறது, உங்களுடையது அவருக்கு நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன். உங்கள் எண்ணை அவரிடம் கொடுக்கலாமா? சரி என்றால் இன்றே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
கவிதா
கொள்முதல் பொறுப்பாளர்