வாடைக்கு எதிரே வரும் தோணி

மாலத்தீவின் மாலேயிலிருந்து தோணி கிளம்பிவிட்ட தகவல் திங்கட்கிழமை காலையில் வந்தது. தம்பியேதான் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். 'கெளம்பியாச்சு. அம்மாட்ட சொல்லு.' உடனே நான் 'சாப்பிட்டியா' என்று கேட்டேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. அதற்குள் சிக்னலைத் தாண்டிப் போயிருக்கிறான்.

தூத்துக்குடிக்கும் மாலேக்கும் இடையில் ஏறத்தாழ 400 கடல் மைல். இங்கிருந்து போகும்போது வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி, செங்கல் என்று அடிவயிறு முட்ட ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் வெறும் தோணிதான். வெறும் தோணி வேகமாக வந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். தை மாதத்தில் அது நடக்காது. வடகிழக்கு நோக்கி வர வேண்டிய தோணிக்கு வாடைக்காற்று நேர் முகத்தில் அடிக்கும்.

அப்பா மொட்டை மாடிக்குப் போய் நின்றுவிட்டு இறங்கி வந்தார். அவர் தோணி ஓட்டும் தண்டலாக இருந்தவர். முட்டி போனபிறகு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாடை நல்லா எழும்பிருக்கு. ஆறு மைலு ஓடுற தோணி மூணுதான் ஓடும். வியாழன்னு எல்லாம் பாக்காதீங்க."

"ஒங்கள யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

உண்மையில் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் 'எப்ப வருவான்' என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டோம். அதைக் கேட்டால் கடல் காதில் விழுந்துவிடும் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தாளாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நானும் கேட்பதில்லை.

தம்பியின் மனைவி ஜெனிக்கு இது புதிது. அவள் ஊர் கோவில்பட்டி பக்கம், கடல் தெரியாத இடம். கல்யாணமாகி அவன் போன முதல் பயணம் இது. போனை எடுப்பதும் 'லாஸ்ட் சீன்' பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். திங்கள் காலை 9.40. செவ்வாயும் அதே 9.40. புதன்கிழமையும் அந்த 9.40 அப்படியே நின்றது.

"மாறவே மாட்டேங்குது மதினி."

"நடுக்கடல்ல டவரா இருக்கு? மாறாது ஜெனி, போயி குளி."

அப்பா காலத்தில் இந்த 9.40 கிடையாது. அவர் எந்த நாளில் எந்தத் துறையிலிருந்து கிளம்பினார் என்பதே வீட்டுக்குத் தெரியாது. முன்னால் வந்த தோணிக்காரர் யாராவது 'அவன் ரெண்டு நாள்ல சரக்கு எறக்கிருவான்' என்று சொன்னால் உண்டு. பிறகு ஒருநாள் பழைய துறைமுகத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று, 'பெரியம்மா, தோணி தெரியுது' என்பான். அவனுக்கு அம்மா மக்ரூன் கொடுப்பாள். அதற்காகவே ஓடி வரும் பையன்கள் இருந்தார்கள். காத்திருப்பதற்கு அப்போது தொடக்கம் என்று ஒன்று இல்லை, அது பாட்டுக்கு வீட்டில் கிடந்தது. இப்போது கிளம்பிய நிமிடம் தெரிகிறது, அந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொரு மணியாக எண்ணச் சொல்கிறது. எது தேவலை என்று அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான். அப்ப போன் சார்ஜ் தீராது" என்றாள்.

புதன் இரவு ஜெனி டி.வி.யில் வானிலைச் செய்தி வைத்தாள். அப்பா ரிமோட்டை வாங்கி அணைத்தார். அவர் அதட்டவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. ஜெனிக்குக் காரணம் தெரியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இரவு பகலாக டி.வி. ஓடியது. கன்னியாகுமரிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தம்பி அப்போது கரையில்தான் இருந்தான். அப்படியிருந்தும் அதற்குப் பிறகு வானிலைப் படத்தில் சுற்றும் அந்த வெள்ளை வட்டத்தை அப்பாவால் பார்க்க முடிவதில்லை. மாடிக்குப் போய்க் காற்றை முகத்தில் வாங்கிப் பார்ப்பார், அது போதும் அவருக்கு.

வியாழன் வந்தது, போனது.

பின்கட்டில் ஒரு முருங்கை நிற்கிறது. கடலிலிருந்து வருகிறவனுக்கு மீன் பொரித்து வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவான், போன இடமெல்லாம் மீன்தான் தின்றிருப்பான். ஊருக்கெல்லாம் காய்கறி சுமந்து போகிறவனுக்கு வரும் வழியில் ஒரு பச்சிலை கிடைக்காது. அதனால் தம்பி வந்த அன்று எங்கள் வீட்டில் முருங்கைக்கீரையும் பருப்பும்தான். அவன் கிளம்பின தகவல் வந்துவிட்டால், கரை தொடும்வரை அம்மா அந்த மரத்தில் கை வைக்க மாட்டாள். வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா ஒரு கொப்பு கேட்டு வந்தபோது, "அதுல பூச்சி விழுந்திருக்கு" என்று வாய்கூசாமல் பொய் சொன்னாள். அந்த அக்காவும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆமா, விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வீட்டுக்காரரும் தோணிக்காரர்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெனி சாப்பிடவில்லை. ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். "வழியிலதான் இருக்கும் மேடம், காத்து ஜாஸ்தி" என்றார்கள். அப்பா மாடியில் நின்று சொன்னதைத்தான் அவர்கள் ஏ.சி. அறையிலிருந்து சொன்னார்கள். ஜெனியிடம் அதை, "வந்துக்கிட்டே இருக்காம்" என்று மாற்றிச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீங்க ஏன் மதினி நகத்தைக் கடிக்கீங்க?"

கையை இறக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா பனிமய மாதா கோவிலுக்குப் போனாள். ஜெனியும் கூடப் போனாள். திரும்பி வரும் வழியில் இரண்டு பேரும் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் நின்றார்களாம். கடலைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "கடலை வாங்கித் தின்னோம்" என்று சொல்லி ஜெனி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்துக் கேட்டது அப்போதுதான்.

இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதும், போகிற போக்கில் மேசையில் கிடக்கும் போனைத் தொட்டுப் பார்ப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா மட்டும் தண்ணீர் குடிக்கிற சாக்கு இல்லாமல் நேராகவே மாடிப்படி ஏறினார்.

விடிவதற்கு முன்னால் ஜெனி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். வாயில் சொல் வரவில்லை, போனைக் காட்டினாள். அவள் அனுப்பி வைத்திருந்த செய்திகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ரெட்டை டிக் ஆகிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக்கூட அவன் இன்னும் பதில் போடவில்லை. என் போனை எடுத்தேன். திங்கட்கிழமைக் கேள்விக்குப் பதில் வந்திருந்தது.

'இன்னும் இல்ல. முயல் தீவு லைட் தெரியுது.'

"மொதல்ல அக்காவுக்கா?" என்றாள் ஜெனி. கண் துடைத்துக்கொண்டே கோபப்பட்டாள்.

அம்மா அதற்குள் டார்ச்சோடு பின்கட்டுக்குப் போய்விட்டாள். "இருட்டுல கொப்பை ஒடிக்காத, கம்பளிப்பூச்சி கெடக்கும்" என்று அப்பா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். அவள் ஒடித்துக்கொண்டுதான் வந்தாள்.

ஆனால் தோணி தெரிவது வேறு, ஆள் வீட்டுக்கு வருவது வேறு. துறையில் இடம் காலியாகும்வரை வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டும். அப்புறம் கஸ்டம்ஸ், பேப்பர், ஆள் கணக்கு. மத்தியானம் போய், மூன்று மணியும் ஆனது. உருவிய கீரை முறத்தில் கிடந்தது. பருப்பு இரண்டு தடவை சூடாகியிருந்தது. ஜெனி புதுச்சேலை கட்டி, கசங்கிவிட்டது என்று அவிழ்த்து, வேறொன்று கட்டியிருந்தாள்.

நாலு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தோணிய அணைச்சாச்சுக்கா. ஆபீசர் வரல, எறங்க விட மாட்டேங்காங்க. மாசிக் கருவாடு கொண்டாந்திருக்கேன்னு அம்மாட்ட சொல்லு."

அம்மா போனைப் பிடுங்கினாள்.

"மாசி கெடக்கட்டும்ல. கீரை வாடிட்டு இருக்குன்னு அந்த ஆபீசர்ட்ட போயிச் சொல்லு."