ஷிபுயா சந்திப்பு: பொம்மை ஊர் தோற்றம்

டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பு, பத்தாவது மாடி உயரத்திலிருந்து, ஏறக்குறைய 45 டிகிரி சரிவில் கீழ்நோக்கிப் பார்க்கும் படம் வேண்டும். வானம் தெரியவே கூடாது. தெரிந்தால் பொம்மை உணர்வு போய்விடும்.

நடுவில் உள்ள வெள்ளைக் கோடுகளும் அவற்றைக் கடக்கும் மக்களும் மட்டும் கூர்மையாக இருக்கட்டும். இந்தக் கூர்மையான பட்டை படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் போதும். அதற்கு மேலும் கீழும் மங்கல் மெல்ல மெல்லக் கூட வேண்டும், சட்டென்று வெட்டியதுபோல் வேண்டாம். அந்தப் பட்டைக்குள் அடி ஊன்றிய விளக்குக் கம்பம் மட்டும் நுனி வரை தெளிவாக நிற்கட்டும். இது முக்கியம், இங்கேதான் பல படங்கள் போலியாகிவிடுகின்றன.

நண்பகல் வெயில், குட்டையான நிழல்கள். டாக்சி, குடை, விளம்பரப் பலகை எல்லாம் புதுப் பெயின்ட் அடித்த மாதிரி அடர்நிறத்தில். தோல் நிறம் மட்டும் ஆரஞ்சாக மாறக் கூடாது.